முப்பதுகளில் முகம்: சுருக்கத்துக்கு முன்னே வரும் திட்டு

முப்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி முன் நின்றால் முதலில் தேடுவது கண்ணோரச் சுருக்கத்தைத்தான். விளம்பரங்கள் அப்படிப் பழக்கியிருக்கின்றன. வெள்ளைத் தோலில் வயது முதலில் காட்டும் அடையாளம் அதுவே. இந்தியாவில் விற்கும் பல கிரீம்களின் விளம்பர மொழியும் அங்கிருந்து வந்ததுதான். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. சுருக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிறம் சீர் குலைகிறது. கன்னத்து எலும்பின் மேல் லேசான பழுப்புத் திட்டு, மேலுதட்டின் மேல் மீசை போட்டது போன்ற ஒரு நிழல், நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் கறுப்பு. முன்பெல்லாம் ஒரு வாரத்தில் மறைந்த பருத் தழும்பு இப்போது மூன்று மாதம் ஆனாலும் போக மறுக்கிறது. 'முகம் டல்லா இருக்கு' என்று வீட்டில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைத்தான்.

இதில் வயதின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, முழங்கைக்கு மேலே உள்கைப் பக்கத் தோலையும், மணிக்கட்டுக்கு மேலே வெளிக்கைத் தோலையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முடிந்தால் கடிகாரப் பட்டைக்கு அடியில் இருக்கும் இடத்தையும் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே வயது. உள்கை ஒரே நிறத்தில் மிருதுவாக இருக்கும். வெளிக்கையில் புள்ளியும் சொரசொரப்பும் இருக்கும். அந்த வித்தியாசம் முழுவதும் வெயில் செய்தது. முகத்திலும் அதே கணக்குதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க முகத்தில் மூடிய இடம் கிடையாது.

இதைக் காட்டும் புகழ்பெற்ற படம் ஒன்று 2012இல் 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரரின் முகம். வலது கன்னம் அவர் வயதுக்கு ஏற்ற கன்னம். இடது கன்னத்தில் தோல் தடித்து, ஆழமான மடிப்புகள் விழுந்து, வேறொரு முதியவரின் முகத்தை ஒட்டவைத்தது போல இருந்தது. அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால், வண்டியின் பக்கக் கண்ணாடி வழியாக அத்தனை ஆண்டுகளும் வெயில் விழுந்தது இடது கன்னத்தில். நம் ஊரில் கார் ஓட்டுபவர்கள் வலது கன்னத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி வழியாக வந்தும் வெயில் இவ்வளவு செய்தது எப்படி? வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் தோலைத் தொடுபவை இரண்டு வகை. யு.வி.பி. என்பது தோலைச் சுட்டுக் கன்ற வைப்பது. சாதாரணக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுத்துவிடும். யு.வி.ஏ. சுடாது, எரிச்சல் தராது, கண்ணாடியையும் தாண்டி வரும், தோலின் அடி அடுக்கு வரை இறங்கும். அங்கேதான் தோலுக்கு இறுக்கம் தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் இருக்கின்றன. கதிர் பட்டதும் அந்த இழைகளை வெட்டும் நொதிகளைத் தோல் தானே சுரக்கிறது. வெட்டுப்பட்டது முழுமையாகச் சீராவதில்லை. நாள்தோறும் கொஞ்சம் பாக்கி நின்றுவிடுகிறது. இருபது ஆண்டு பாக்கி சேர்ந்தால் அது சுருக்கம்.

நம் தோலில் இருக்கும் மெலனின் இந்தக் கதிர்களில் ஒரு பகுதியை மேலேயே வாங்கிக்கொள்கிறது. நமக்குச் சுருக்கம் தாமதமாக வருவதற்குக் காரணம் அதுதான். ஆனால் அந்த மெலனினைச் செய்யும் அணுக்களுக்குக் கோபம் அதிகம். வெயில், சூடு, பரு, தேய்ப்பு, பார்லரில் பட்ட எரிச்சல் என்று எது வந்தாலும் அவற்றின் பதில் ஒன்றே: இன்னும் கொஞ்சம் கறுப்பு. யு.வி. மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலைக் கறுக்க வைக்கிறது. வெளுத்த தோலில் அந்த விளைவைக் காண முடிவதில்லை. எனவே நாம் தேர்ந்தெடுக்கும் சன்ஸ்கிரீனும், இரவில் போடும் மருந்தைத் தொடங்கும் வேகமும் இந்தக் கோபத்தை மனத்தில் வைத்தே அமைய வேண்டும். வெளிநாட்டு யூடியூபர் சொல்லும் அட்டவணை நம் முகத்தில் திட்டாக முடிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். மதுரையில் வங்கி வேலை, 35 வயது. காலை ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் கிளம்புகிறார், மாலை திரும்புகிறார். இரண்டு கன்னத்திலும் மங்கு தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே, கன்னத்தின் மேல்பகுதியில் மிளகில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள் நான்கைந்து. அவருடைய அம்மாவுக்கும் அதே இடத்தில் உண்டு. சிரித்தால் கண்ணோரம் மெல்லிய கோடு. கழுத்தின் பின்புறம் கறுத்து, தொட்டால் வெல்வெட் போலத் தடித்திருக்கிறது.

இவற்றில் எல்லாமே முதுமை அல்ல. கழுத்துக் கறுப்பை முதலில் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அப்படித் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதற்கு கிரீம் தேடாமல், சாப்பிடும் முன் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும். எத்தனை பேர் அந்த இடத்தைப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துத் தேய்த்து இன்னும் கறுக்க வைக்கிறார்கள் என்பது தோல் மருத்துவர்களுக்குத் தெரியும். சின்ன மருக்கள் குடும்பத்தில் வருபவை, தீங்கில்லாதவை. அவற்றை எந்தப் பூச்சும் எடுக்காது. வேண்டாம் என்றால் தோல் மருத்துவர் மின்சூட்டில் எடுத்துவிடுவார். மிச்சம் இருக்கும் மங்கும், கோடும், சொரசொரப்பும்தான் சன்ஸ்கிரீனும் ரெட்டினாய்டும் கை வைக்கக்கூடிய இடம்.

சன்ஸ்கிரீன் முதுமையைத் தள்ளிப்போடும் என்பதற்கு விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஊர்க்காரர்களைச் சீட்டுப் போட்டது போலப் பிரித்து, ஒரு சாராரை முகம், கழுத்து, கைகளில் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள். மற்றவர்களை அவரவர் வழக்கப்படி விட்டுவிட்டார்கள். புறங்கையில் சிலிக்கான் ரப்பரைப் பதித்து அச்சு எடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் தோலின் வரிகளை ஒப்பிட்டார்கள். 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் முடிவு 2013இல் வெளியானது. தினமும் போட்டவர்களின் தோலில் நாலரை ஆண்டுகளில் முதுமை கூடியதாகவே தெரியவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு. அவர்களுக்குக் கொடுத்தது எஸ்.பி.எஃப். 15 வகைதான். இன்று கடையில் கிடைப்பவற்றோடு ஒப்பிட்டால் சாதாரணச் சரக்கு. தினமும் போட்டதுதான் வேலை செய்தது.

அப்படியென்றால் எஸ்.பி.எஃப். எண் எதற்கு? சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் வழக்கமாகப் பூசுவது அதில் பாதி, அல்லது அதற்கும் கீழ். வீட்டில் இருக்கும் ட்யூபை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு முகத்தின் பரப்பு சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 1.2 கிராம் வேண்டும். 50 கிராம் ட்யூப், முகத்துக்கு மட்டும் நாளுக்கு ஒரு தடவை போட்டால் ஆறு வாரத்தில் தீர வேண்டும். மதியம் ஒரு தடவையும் கழுத்தும் சேர்ந்தால் மூன்று வாரம்கூடத் தாங்காது. உங்கள் ட்யூப் ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் போடுவது தேவையில் கால் பங்குகூட இல்லை; அட்டையில் 50 என்று எழுதியிருப்பது உங்கள் முகத்துக்குப் பொருந்தாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஒரேயடியாகத் தேய்த்தால் பிசுபிசுக்கும்; பாதியைப் போட்டு, இரண்டு நிமிடம் விட்டு, மீதியைப் போடலாம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்த்தால் போதும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் இருக்க வேண்டும். நாம் குறைவாகப் பூசுபவர்கள் என்பதால் 50 நல்லது. அந்த எண் யு.வி.பி.க்கு மட்டுமே உத்தரவாதம். யு.வி.ஏ.க்கு பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கூட்டல் குறி மூன்றோ நான்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது விஷயத்தைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்ல மாட்டார்: மங்கு இருப்பவர்களுக்கு நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் வேண்டும். அந்தப் பழுப்பு நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். எவ்வளவு இருந்தாலும், அந்த வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். சிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளவை நம் நிறத்தில் சாம்பல் பூசியது போலக் காட்டும் என்பதால் பாதிப் பேர் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள். நிறம் சேர்த்தது அந்தத் தொல்லையையும் தீர்க்கும்.

நம் வங்கி ஊழியர் காலையில் கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு, காது மடல், கழுத்து, புறங்கை உட்படப் போட்டுக்கொள்கிறார். வெளியில் அலையும் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்பது விதி. நாள் முழுவதும் கட்டடத்துக்குள், ஜன்னலிலிருந்து தள்ளி உட்காருபவருக்கு அது தேவையில்லை. மாலை வெயிலில் கிளம்பும் முன் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டால் போதும். துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டு ஓட்டுகிறாரே, அது மோசமான பழக்கம் அல்ல. நெருக்கமாக நெய்த துணி வெயிலை நன்றாகவே தடுக்கும். வைட்டமின் டி போய்விடுமே என்று கவலைப்படுபவர்கள் ரத்தத்தில் அளவு பார்த்து, குறைந்தால் மருத்துவர் சொல்படி மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். அதற்காகக் கன்னத்தைக் காயப்போட வேண்டாம்.

இனி இரவு வேலை. ரெட்டினாய்டுகள் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் மூத்தது ட்ரெட்டினோயின். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ளிக்மேன் இதைப் பரு மருந்தாகக் கொண்டுவந்தார். 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பருவுக்குப் போட்ட நடுவயதுப் பெண்கள், முகம் மிருதுவாகிக் கோடுகள் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். அது உண்மைதானா என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் வூர்ஹீஸ் குழுவினர் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள். ஒரு முன்கையில் மருந்து, மறு முன்கையில் மருந்தில்லாத கிரீம், 16 வாரம். மருந்து போட்ட கை தேறியது. பெரும்பாலோருக்கு அதே கை சிவந்து எரியவும் செய்தது. அன்று தெரிந்த இந்த இரண்டு முகமும் இன்றுவரை மாறவில்லை.

உள்ளே அது செய்வது என்ன? மேல் அடுக்கு அணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அதனால் தேங்கி நிற்கும் நிறம் பரவலாகிக் கலைகிறது. அடி அடுக்கில், கொலாஜனை வெட்டும் நொதிகள் குறைந்து புதிய கொலாஜன் உண்டாகிறது. முதல் வேலை இரண்டு மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதற்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு.

கடையில் மூன்று பெயர்கள் கண்ணில் படும். ரெட்டினால் என்பது அழகுசாதனக் கடையில் சீரமாகக் கிடைப்பது. தோலுக்குள் இரண்டு படி மாறித்தான் வேலைக்கு வரும், எனவே வலு குறைவு, எரிச்சலும் குறைவு. வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுவிடும் என்பதால், கண்ணாடிக் குப்பியில் சொட்டுக்குழாயோடு அழகாக விற்பதைவிட உலோக ட்யூபில் வருவது மேல். அடபலீன் 0.1 சதவீதம், ட்ரெட்டினோயின் 0.025 சதவீதம் இரண்டும் மருந்துகள், மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியவை. பெரிய பிராண்டு சீரத்தின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கும். இங்கே பலருக்கு ஒரு சபலம் வரும், 0.1 ட்ரெட்டினோயினாகவே தொடங்கிவிடலாமே என்று. மிச்சிகன் குழுவே பின்னர் 0.025ஐயும் 0.1ஐயும் 48 வாரம் ஒப்பிட்டுப் பார்த்தது. பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; எரிச்சல் மட்டும் 0.1இல் அதிகம்.

வங்கி ஊழியருக்கு மருத்துவர் 0.025 எழுதிக் கொடுத்தார் என்று வைப்போம். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டே இரவு, புதனும் ஞாயிறும். முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷில் கழுவித் துடைத்து, இருபது நிமிடம் காய விடுகிறார். ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கி எரிக்கும். பிறகு மாய்ஸ்சரைசர். அதன் மேல் ஒரு பட்டாணி அளவு மருந்தை நெற்றி, இரு கன்னம், மூக்கு, மோவாய் என்று ஐந்து புள்ளியாக வைத்து மெல்லியதாகப் பரப்புகிறார். கண்ணிமை, மூக்கு மடிப்பு, வாய் ஓரம் மூன்றையும் தொடுவதில்லை. தோல் முதலில் உரிவது அங்கேதான். மேலே மறுபடி ஒரு பூச்சு மாய்ஸ்சரைசர். நான்காவது வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். பலருக்கு அதற்கு மேல் தேவைப்படுவதே இல்லை. சன்ஸ்கிரீன் ட்யூப் சீக்கிரம் தீர வேண்டும் என்று சொன்னேனே, இது நேர்மாறு: 20 கிராம் ட்யூப் இந்த அளவில் நாலு மாதமாவது வர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் அளவு தப்பு.

இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை லேசாகக் காய்ந்து, மாவு போல உரியும். இது வழக்கம். மாய்ஸ்சரைசர் போடும்போதே காந்துகிறது, வெறும் தண்ணீர் பட்டாலும் எரிகிறது, கன்னம் பளபளவென்று இறுகிச் சிவக்கிறது என்றால் எல்லை தாண்டியாயிற்று. 'பழகிவிடும்' என்று தொடர்ந்தால் நம் தோலில் அந்த எரிச்சல் ஆறியதும் அதே இடத்தில் கறுப்பு நிற்கும். எதைப் போக்கத் தொடங்கினோமோ அதையே உண்டாக்கியதாகும். நிறுத்திவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போட்டு, தோல் அடங்கிய பின் வாரம் ஒரு இரவாகத் தொடங்கலாம். இந்த மாதங்களில் வைட்டமின் சி சீரம், ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு, பார்லர் ப்ளீச் எதுவும் வேண்டாம். மேலுதட்டுக்கு த்ரெட்டிங்கோ வேக்ஸிங்கோ செய்பவர்கள் ஒரு வாரம் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும். மருந்து போட்ட தோல் மெலிந்து பிடிமானம் குறைந்திருக்கும். வேக்ஸை இழுக்கும்போது மேல் தோலும் சேர்ந்து வந்து, அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக்கடைக் கவுன்டரில் இருக்கிறது. 'மங்குக்கு ஒரு கிரீம் கொடுங்க' என்று கேட்டால் பல இடங்களில் கை நீட்டித் தருவது மூன்று மருந்து கலந்த ட்யூப்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கலவையை 1975இல் முதலில் எழுதியவரும் அதே க்ளிக்மேன்தான். மருத்துவர் பார்வையில் சில வாரங்கள் போட்டு நிறுத்த வேண்டிய மருந்து அது. இங்கே அதை 'ஃபேர்னஸ் கிரீம்' என்று ஆண்டுக்கணக்கில் போடுகிறார்கள். முதல் வாரமே முகம் பளிச்சென்று ஆகிவிடும், அதுதான் தூண்டில். சில மாதங்களில் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், கன்னத்தில் முடி முளைக்கும், பரு கொட்டும். ஒரு நாள் போடாவிட்டால் முகம் பற்றி எரியும், அதனால் விட முடியாது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறது. ட்யூபின் பின்பக்கச் சின்ன எழுத்தில் மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அதை நீங்களாக முகத்தில் போடக் கூடாது. ஏற்கெனவே போட்டு வருபவர்கள் சட்டென நிறுத்தாமல் மருத்துவரிடம் போவது நல்லது.

ஆறு மாதம் கழித்து நம் வங்கி ஊழியர் முகத்தில் எதை எதிர்பார்க்கலாம்? தொடுவதற்கு மிருதுவாக இருக்கும், பருத் தழும்புகள் கலைந்திருக்கும், கண்ணோரக் கோடு மங்கியிருக்கும். மங்கு வெளுத்திருக்கும், ஆனால் போயிருக்காது. அது குணமாகிற நோயல்ல, அடங்கிக் கிடக்கிற நோய். ஒரு சித்திரைத் திருவிழாவுக்குச் சன்ஸ்கிரீன் இல்லாமல் நாள் முழுக்க வெயிலில் நின்றால் திரும்பி வந்துவிடும். கன்னம் தொங்குவதையும், சிரிக்கும்போது விழும் ஆழமான மடிப்பையும், கண்ணுக்குக் கீழே எலும்பு அமைப்பால் விழும் நிழலையும் இந்த இரண்டும் மாற்றாது. மாற்றும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

குழந்தைக்குத் திட்டமிடும்போது மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு ரெட்டினாய்டை நிறுத்த வேண்டும், ரெட்டினால் சீரமும் அதில் அடக்கம். பால் கொடுக்கும் காலத்திலும் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனை நிறுத்தக் கூடாது. மங்கு புதிதாக வருவதும், இருப்பது பரவுவதும் அதிகம் நடப்பது அந்த மாதங்களில்தான்.